ஸ்பான்சர் கடிதத்தில் கேட்பதைத் தெளிவாக எழுதுவது

"குன்னூர்ல ஒரு வர்க்கி பேக்கரிக்கு மாணவர் மன்றம் சார்பா ஸ்பான்சர் கடிதம் கொடுத்தோம், ரெண்டு வாரமா பதில் இல்லை. எதை மாத்தணும்?"

தொகையை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். "தங்களால் இயன்ற உதவி" என்று விட்டால் எவ்வளவு கொடுப்பது என்று கடைக்காரர் யோசித்தே கடிதத்தை கல்லாவுக்கு அடியில் வைத்துவிடுவார், உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கும்.

இப்படி மாற்றலாம்:

"எங்கள் கலைவிழாவின் மேடைச் செலவுக்கு ரூ.5,000 கேட்கிறோம். பதிலுக்கு, மேடையில் உங்கள் கடைப் பெயருடன் துணி பேனர், நுழைவுச்சீட்டின் பின்பக்கம் விளம்பரம், வாசலில் ஒரு நாள் விற்பனை மேசை. வெள்ளிக்கிழமை நேரில் வருகிறோம்."

அப்புறம், விவரம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து எவ்வளவு, எதற்கு, கடைக்கு என்ன கிடைக்கும் என்று கேளுங்கள். திரும்பப் படித்துத்தான் சொல்கிறார் என்றால் இன்னும் சுருக்குங்கள்.

ஒன்று, விற்பனை மேசைக்கு முதல்வர் சம்மதம் வாங்காமல் அந்த வரியைச் சேர்க்காதீர்கள்.