கண்டெய்னர் வீடு: சுவரை வெட்டினால் பாரம் எங்கே போகும்?

கேள்வி: ஐயா, சுங்கை சிப்புட் டவுனை ஒட்டி அப்பா வாங்கிப்போட்ட நிலத்தில் கண்டெய்னர் வீடு வைக்கலாம் என்று இருக்கிறேன். பழைய 40 அடி பெட்டியை ஒன்பதாயிரம் வெள்ளிக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். நீளச் சுவரின் நடுவில் 20 அடி வெட்டி, கண்ணாடி ஸ்லைடிங் கதவு போட ஆசை. "கப்பலில் எட்டு அடுக்கு தாங்கும் பெட்டி, எங்கே வெட்டினாலும் ஒன்றும் ஆகாது" என்கிறார் விற்பவர். நம்பலாமா? உள்ளே வெக்கை எப்படி இருக்கும்?

பதில்: அடுக்கு தாங்குவது உண்மைதான். ஆனால் மேலே உள்ள பெட்டிகளின் பாரம் நான்கு மூலைத் தூண்கள் வழியாகத்தான் இறங்குகிறது, சுவர் வழியாக அல்ல. நெளிநெளியான பக்கச் சுவர் இரண்டு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. அதன் வேலை வேறு. மேல் சட்டத்தையும் கீழ் சட்டத்தையும் இணைத்து, 40 அடி நீளத்துக்கு ஒரே பெரிய உத்தரமாக நிற்பது. மூலைகளில் மட்டும் பிடித்துத் தூக்கினாலும் சரக்கோடு 30 டன் பெட்டி நடுவில் வளையாமல் இருப்பது அதனால்தான். நீங்கள் வெட்ட நினைப்பதும் அந்தச் சுவரைத்தான்.

வெட்டியபின் மேலே மிஞ்சுவது சுமார் 60 மில்லிமீட்டர் சதுரக் குழாய்ச் சட்டம் மட்டும். கூரைத் தகடு, சீலிங், மேலே ஏறி வேலை செய்யும் ஆள், எல்லாப் பாரத்தையும் அது 20 அடி தூரத்துக்குத் தனியாகத் தாங்க வேண்டும். சில சென்டிமீட்டராவது தொய்யும். கண்ணாடிக் கதவுக்கு ஒரு சென்டிமீட்டர் தொய்ந்தாலே போதும், இறுகிவிடும்.

அதனால் மேல் சட்டத்தின் அடியில் 150-க்கு 50 மில்லிமீட்டர் அளவு இரும்புக் குழாயை உத்தரமாக வெல்டிங் செய்து, திறப்பின் இரு ஓரத்திலும் தூண் நிறுத்த வேண்டும். இது தோராய அளவுதான். தடிமனை இன்ஜினியர் முடிவு செய்யட்டும், மாஜ்லிஸில் பிளான் கொடுக்கும்போது அவர் கையெழுத்து எப்படியும் தேவைப்படும். கதவுச் சட்டத்தை உத்தரத்தோடு ஒட்ட வைக்காமல் மேலே கொஞ்சம் இடைவெளி விடச் சொல்லுங்கள்.

பலரும் கோட்டை விடுவது கீழே. பெட்டியை நான்கு மூலைகளில் மட்டும் சிமெண்டுக் கட்டையில் உட்கார வைத்தால், சுவர் போனதும் தரை நடுவில் இறங்கும். உங்கள் திறப்பு நடுவில் வருவதால் புதுத் தூண்கள் இரு முனைகளிலிருந்தும் பத்தடி தள்ளி நிற்கும். அந்த இரண்டு இடத்திலும், திறப்பின் மையத்திலும், கீழ் சட்டத்துக்கு அடியில் கட்டை வேண்டும். அப்புறம் வரிசை முக்கியம்: முதலில் கட்டை, பிறகு உத்தரமும் தூணும், கடைசியில்தான் கிரைண்டர். முதலில் வெட்டிவிட்டால் தொய்ந்த நிலையிலேயே வெல்டிங் பிடித்துக்கொள்ளும்.

வெட்டிய விளிம்பில் பெயிண்ட் இருக்காது, துரு அங்கேதான் தொடங்கும். தீய்ந்த பெயிண்டைச் சுரண்டி, துத்தநாக பிரைமர் அடித்து, மேல் விளிம்பில் மழைநீர் வடியத் தகரம் மடித்து வையுங்கள். கண்டெய்னர் இரும்பு லேசில் துருப்பிடிக்காது என்பார்கள். நனைந்து காய்ந்தால்தான் அந்தக் குணம். தண்ணீர் தேங்கினால் சாதாரண இரும்பு போலத்தான் அரிக்கும். யார்டில் பெட்டிக்குள் நின்று கதவைச் சாத்தச் சொல்லுங்கள். ஓட்டை இருந்தால் வெளிச்சப் புள்ளி தெரியும். பிறகு அடியில் குனிந்து குறுக்குச் சட்டங்களையும் கதவடிச் சட்டத்தையும் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்டு செதில் உதிர்ந்தால் ஒன்பதாயிரம் அதிகம். கூரைப் பள்ளங்களையும் ஏணி வைத்துப் பாருங்கள்.

வெக்கைக்கு முதல் மருந்து பஞ்சு அல்ல, நிழல். பெட்டிக்கு மேல் ஓரடி இடைவெளி விட்டு, காற்று ஓடும்படி தனியாக ஜிங்க் கூரை போடுங்கள். திறப்புப் பக்கம் நீட்டிவிட்டால் கதவும் நனையாது. உள்ளே 50 மில்லிமீட்டர் ஸ்ப்ரே ஃபோம், தகட்டோடு ஒட்டிப் பிடிக்கும் அடர்த்தியான வகையாக. கண்ணாடிப் பஞ்சு மலிவுதான், ஆனால் இரவில் தகடு குளிரும்போது வீட்டின் ஈரக்காற்று பஞ்சைத் தாண்டிப் போய்த் தகட்டில் வியர்க்கும். பலகைக்குப் பின்னால் துருப்பிடிப்பது பல வருடம் கழித்துத்தான் தெரியும். உத்தரத்தையும் தூண்களையும் சேர்த்து ஃபோமால் மூடுங்கள்; விட்டால் வெயில் அந்த இரும்பு வழியாகவே உள்ளே வரும்.

இன்னொன்று, பெட்டியின் உயரம் எட்டரை அடியா, ஒன்பதரை அடியா என்று கேட்டீர்களா? எட்டரை அடிப் பெட்டியில் உள்ளுயரம் 2.39 மீட்டர்தான். ஃபோமும் சீலிங் பலகையும் போட்டபின் மின்விசிறி தலையைத் தட்டும். விலை கொஞ்சம் கூடினாலும் ஒன்பதரை அடிப் பெட்டியை ஹைகியூப் என்று கேட்டு வாங்குங்கள்.