பில் தகராறில் இருக்கும்போதே மின் இணைப்பைத் துண்டித்தால் இழப்பீடு கிடைக்குமா?

கேள்வி: வழக்கமாக ரூ.1,800 வரும் பில் இந்த முறை ரூ.14,000 வந்தது. புகார் கொடுத்தும், நோட்டீஸ் இல்லாமல் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார்கள். என்ன செய்வது?

கிடைக்கும், ஆனால் கேட்டு வாங்க வேண்டும். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 56-இன்படி பாக்கிக்காகத் துண்டிக்கும் முன் முழுதாக 15 நாள் அவகாசத்துடன் எழுத்துமூல நோட்டீஸ் தர வேண்டும். லைன்மேன் வாசலில் வந்து சொல்லிவிட்டுப் போவது நோட்டீஸ் ஆகாது.

அதே பிரிவில் பலருக்குத் தெரியாத வழி ஒன்று இருக்கிறது. கேட்ட தொகை, முந்தைய ஆறு மாதச் சராசரிப்படி வரும் தொகை, இவற்றில் எது குறைவோ அதை ‘ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்’ என்று எழுதிக் கட்டினால், தகராறு தீரும்வரை துண்டிக்கக் கூடாது. உங்கள் கணக்கில் அது சுமார் ரூ.1,800. கவுண்டரில் வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் டிடி அனுப்புங்கள்.

இணைப்பைத் திரும்பப் பெற மின்நுகர்வோர் குறைதீர் மன்றம், அங்கே சரிவராவிட்டால் மின் குறைதீர்ப்பாளர். சிரமத்துக்கான இழப்பீட்டுக்கு, இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அங்கே வெறும் ‘மன உளைச்சல்’ அதிகம் எடுபடாது. துண்டித்த தேதி, கெட்டுப்போன இன்சுலின், வெளியே தங்கிய ரசீது போன்ற ஆதாரங்கள் வேண்டும். மின்திருட்டு அல்லது அனுமதியில்லாப் பயன்பாடு என்று மதிப்பீடு போட்டிருந்தால் மட்டும் நுகர்வோர் ஆணையம் போக முடியாது. அதற்குப் பாதை வேறு.