கடைசிச் சொல் எது?

ஐயா, நானும் என் நண்பனும் மஞ்சக்குப்பத்தில் இருந்து ஒரு நிமிட நகைச்சுவை வீடியோ போடுகிறோம். புதுச்சேரியில் பெட்ரோல் விலை குறைவு என்று ஒருவன் நண்பனைப் பைக்கில் முள்ளோடைக்குக் கூட்டிப்போகும் கதை. வழியில் நாய் துரத்துகிறது, போலீஸ் பிடிக்கிறது, போன் தண்ணீரில் விழுகிறது. கடைசியில் 'வா, பஸ்ல போயிடலாம், அப்பதான் போட்ட பெட்ரோல் மிச்சமாகும்' என்கிறான். யாரும் சிரிக்கவில்லை. நல்ல போன் வாங்கலாமா? பின்னணியில் சிரிப்புச் சத்தம் சேர்க்கலாமா?

— ஒரு வாசகன், கடலூர்

அன்புள்ள தம்பி,

போன் இப்போது இருப்பதே போதும். சிரிப்புச் சத்தம் வேண்டாம். இந்த இரண்டையும் இதோடு விடுங்கள்.

உங்கள் கடைசி வசனத்தைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நல்ல முத்தைக் கையில் வைத்துக்கொண்டு சேற்றில் போட்டிருக்கிறீர்கள். பெட்ரோல் போடவே இவ்வளவு தூரம் வந்தவன், அது தீர்ந்துவிடும் என்று வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறுகிறான். இதைவிட என்ன வேண்டும்? ஆனால் சிரிப்பு இருப்பது 'பஸ்' என்ற ஒரு சொல்லில். நீங்கள் அதை வாக்கியத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, மேலே ஒரு விளக்கத்தையும் ஏற்றுகிறீர்கள். பார்ப்பவன் சிரிக்க வாயைத் திறக்கும்போது உங்கள் ஆள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான்.

சின்ன வயதில் நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு கிராமத்தில் அப்பாவின் மடியில் உட்கார்ந்து கூத்துப் பார்த்திருக்கிறேன். ராஜா கேள்வி கேட்பார். கட்டியக்காரன் பதிலை இழுப்பான், இழுப்பான், கடைசியில் ஒரு சொல்லைப் போடுவான். அந்தச் சொல் விழுந்ததும் மத்தளத்தில் ஒரு அடி. அப்புறம் கூட்டம் சிரித்து ஓயும்வரை அவன் வாயே திறக்கமாட்டான். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்வான், அவ்வளவுதான். அப்பாவின் வயிறு குலுங்குவது என் முதுகில் தெரியும்.

தமிழில் எழுதும்போது வினைச்சொல் கடைசியில் வந்து உட்கார்ந்துவிடும். 'பஸ்ல போயிடலாம்' என்றால், சிரிப்புச் சொல்லுக்குப் பின்னால் 'போயிடலாம்' வாலாகத் தொங்குகிறது. பேச்சுத் தமிழில் இதற்கு வழி இருக்கிறது. 'போயிடலாம்டா, பஸ்ல' என்று திருப்பிப் போடுவதை நம் வீட்டில் எல்லாரும் தினமும் செய்கிறோம். எழுத உட்கார்ந்தால் மட்டும் ஏன் மறந்துபோகிறது? எழுதியதை உரக்கப் படியுங்கள், கடைசிச் சொல்லில் விரலை வையுங்கள். விரலுக்குக் கீழே சிரிப்பு இல்லையென்றால் வரியை மாற்றுங்கள்.

அடுத்து, நாயும் போலீசும் போனும். மூன்றையும் தூக்கிவிடுங்கள். அவை வெளியிலிருந்து வருகிற தொல்லைகள், எந்தக் கதையிலும் ஒட்டலாம். உங்கள் ஆளின் கிறுக்குத்தான் படிப்படியாக ஏற வேண்டும். முதலில் பையை இறக்கச் சொல்கிறான், பிறகு நண்பனை, கடைசியில் வண்டியையே விட்டுவிடுகிறான். இப்படி எழுதிப் பார்த்தேன்:

(வீட்டு வாசல். சேகர் வண்டியில், குமார் பையோடு.)
சேகர்: முள்ளோடைல போட்டா முப்பது ரூபா மிச்சம். பைய இறக்கு, வெயிட்டு.
குமார்: சாப்பாடுடா.
சேகர்: பெட்ரோல் குடிக்கும்டா, சாப்பாடு.

(பெண்ணையாற்றுப் பாலம். வண்டி நிற்கிறது.)
சேகர்: இறங்கு. பாலம் ஏத்தமா இருக்கு.
குமார்: நான் எப்படி வர்றது?
சேகர்: நடந்து. நீ அறுபது கிலோ.

(முள்ளோடை. குமார் வியர்த்து வந்து பின்சீட்டில் உட்காருகிறான்.)
குமார்: டேங்க் ஃபுல்லா? கிளம்பு.
(சேகர் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போடுகிறான்.)
சேகர்: கிளம்புனா தீந்துடும். வா, போயிடலாம்...
குமார்: எதுல?
சேகர்: பஸ்ல.
(குமாரின் முகம். ஒரு நொடி. முடிவு.)

சேகராக நடிப்பவர் சிரிக்கக் கூடாது. முப்பது ரூபாய் அவனுக்கு உயிர். குமார் பார்ப்பவனின் மனசைப் பேசுகிறவன், அதனால் அவனுக்கு நகைச்சுவை வசனமே வேண்டாம், சாதாரணக் கேள்விகள் போதும். அந்த 'எதுல?' என்ற கேள்வியை வெட்டிவிடாதீர்கள், கட்டியக்காரன் இழுத்த இழுப்பு அதில்தான் இருக்கிறது.

வண்டி ஓடும்போது வசனம் பேசினால் காற்றுச் சத்தம்தான் பதியும், ஹெல்மெட்டில் முகமும் தெரியாது. அதனால்தான் மூன்று இடத்திலும் வண்டியை நிறுத்தினேன். பங்க்குக்குள் போனை வெளியே எடுக்காதீர்கள். பங்க்கைத் தாண்டி நிறுத்தி, போர்டு தூரத்தில் தெரிய எடுங்கள். எடுத்ததும் எனக்கு அனுப்புங்கள் தம்பி. 'பஸ்ல'வுக்குப் பிறகு யாராவது ஒரு சொல் பேசியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.