மூன்று பேர் சேர்ந்து இன்டர்வியூ எடுக்கும்போது பேச்சைத் திருப்புவது யார் வேலை?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் முதல் தடவையாக மூன்று பேர் உட்கார்ந்து இன்டர்வியூ எடுக்கப் போகிறோம். யார் என்ன கேட்பது என்று எப்படிப் பிரித்துக்கொள்வது? வந்தவர் கேட்டதை விட்டுவிட்டு வேறு எங்கோ பேசிக்கொண்டே போனால், மனம் நோகாமல் எப்படித் திருப்புவது?

பதில்:

மன்னார்குடிப் பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். குறுவை அறுவடை தொடங்குவதற்கு முன்னால் நெல் கொள்முதலைப் பார்த்துக்கொள்ள ஆள் எடுப்போம். அதற்காக நடந்த இரண்டு இன்டர்வியூக்களில் பேனலை நடத்தும் பொறுப்பு என்னிடம் இருந்தது. முதல் தடவை நாங்கள் எதையும் பிரித்துக்கொள்ளவில்லை. அதில் நடந்ததைச் சொன்னால், ஏன் பிரிக்க வேண்டும் என்பது தானாகப் புரியும்.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். எங்கள் இயக்குநர்களில் மூத்தவர், அவரும் விவசாயிதான், ஒரே மூச்சில் கேட்டார்: “கொள்முதல் அனுபவம் உண்டா, மழை வந்தா நெல்லை என்ன பண்ணுவீங்க, லாரி வரலைன்னா எப்படிச் சமாளிப்பீங்க?” ஒன்றுக்குள் மூன்று கேள்வி. அந்தத் தம்பி ‘மழை’ என்பதைப் பிடித்துக்கொண்டார். மழையிலிருந்து புயல், புயலிலிருந்து 2018 நவம்பரில் அடித்த கஜா, அப்புறம் விழுந்த தென்னைகள், நிவாரணப் பொருள் ஏற்றிப் போன கதை. எங்கள் இயக்குநருக்கும் அந்த ராத்திரியில் மரங்கள் போயிருந்தன. “உங்களுக்கு எத்தனை மரம் தம்பி?” என்று அவரே கேட்டார். நாங்களும் தலையாட்டிக்கொண்டு கேட்டோம். அரை மணி நேரத்தில் இருபது நிமிடம் அதிலேயே போய்விட்டது.

அவர் போன பிறகு தாளைப் பார்த்தால் நெல்லைப் பற்றி ஒரு வரி இல்லை. எடுப்பதற்கும் ஆதாரம் இல்லை, வேண்டாம் என்பதற்கும் இல்லை. அன்றைக்குப் பேச்சு தடம் மாறியதற்குக் காரணம் அந்தத் தம்பி இல்லை, நாங்கள்தான். மூன்று கேள்வியை ஒன்றாகக் கேட்டதும், தலையாட்டி ஊக்கப்படுத்தியதும், திருப்ப வேண்டியது யார் என்று முடிவு செய்யாமல் விட்டதும் எங்கள் பக்கத்துத் தவறு. அதனால் அவருக்குக் கிடைக்க வேண்டிய வாய்ப்பு போனது. அந்த உறுத்தல் எனக்கு இன்னும் இருக்கிறது.

அடுத்த தடவை முதல் நாள் மாலையே மூன்று பேரும் உட்கார்ந்து பிரித்துக்கொண்டோம். நெல், ஈரப்பதம், எடை, சாக்கு எல்லாம் இயக்குநர் கேட்பது. முன்பு பார்த்த வேலை, பணம் கையாண்டது, கணக்கு எல்லாம் எங்கள் கணக்காளர் அம்மா கேட்பது. நான் வேலையைப் பற்றிக் கேள்வியே கேட்பதில்லை. ஆரம்பித்து வைப்பது, நேரம் பார்ப்பது, பேச்சைத் திருப்புவது, முடித்து வைப்பது மட்டும் என்னுடையது. ஆளுக்கு இரண்டாக மொத்தம் நான்கு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் கீழே, நல்ல பதில் என்றால் அதில் என்னென்ன வரும் என்று இரண்டு மூன்று வரி எழுதிக்கொண்டோம்.

குறிப்பு எழுதுவதிலும் ஒரு ஏற்பாடு வேண்டும். கேட்கிறவரே எழுதினால் அவர் குனிந்துவிடுவார், எதிரில் இருப்பவருக்கு முகம் கிடைக்காது. சிலர் பாதியில் நிறுத்திவிடுவார்கள், சிலர் பதற்றத்தில் இன்னும் நீட்டுவார்கள். அதனால் இயக்குநர் கேட்கும்போது கணக்காளர் எழுதுவார், கணக்காளர் கேட்கும்போது இயக்குநர் எழுதுவார். துணைக் கேள்வி இருந்தால் கேட்டவர்தான் கேட்க வேண்டும். மற்றவருக்கு ஏதாவது தோன்றினால் ஓரத்தில் குறித்துவைத்து, கடைசி ஐந்து நிமிடத்தில் கேட்கலாம்.

பேச்சைத் திருப்புவதை ஒரே ஆளிடம் விட்டதற்கும் காரணம் உண்டு. மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் இடைமறித்தால் வந்தவருக்குப் பஞ்சாயத்தில் நிற்கிற மாதிரி ஆகிவிடும். பதில் போதும், அல்லது திசை மாறுகிறது என்று கேட்டவருக்குத் தோன்றினால், அவர் கையிலிருக்கும் பேனாவை மேசைமேல் வைத்துவிடுவார். அதைப் பார்த்து நான் நுழைவேன். சுவர்க் கடிகாரத்தை வந்தவரின் நாற்காலிக்குப் பின்னால் மாட்டச் சொன்னேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தால் எதிரில் இருப்பவருக்கு மனசு சுருங்கும். சுவரைப் பார்த்தால் யாருக்கும் தெரியாது.

மனம் நோகாமல் திருப்புவதில் பாதி வேலை முதல் நிமிடத்திலேயே முடிந்துவிடும். எல்லோரிடமும் இதே வார்த்தைகளைச் சொன்னேன்: “நாற்பது நிமிஷம் இருக்கு, நாலு கேள்வி கேட்போம். நடுவுல நான் குறுக்கே பேசினா தப்பா எடுத்துக்காதீங்க. நாலுக்கும் உங்களுக்கு நேரம் கிடைக்கணும்னுதான்.” இதைச் சொல்லிவிட்டால், பிறகு குறுக்கிடும்போது அது அவருக்கு அவமானமாகத் தெரியாது.

அந்த நாளில் வந்த ஒருவரின் பேச்சைக் கிட்டத்தில் காட்டுகிறேன். கும்பகோணம் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் நெல் வாங்கும் இடத்தில் இருந்தவர், முப்பது வயதிருக்கும். இயக்குநர் கேட்டது: “ஈரம் கூடுதலா இருந்த நெல்லைக் கொண்டுவந்து, எடுத்துத்தான் ஆகணும்னு ஒருத்தர் நின்ன ஒரு சமயத்தைச் சொல்லுங்கம்மா. நீங்க என்ன செய்தீங்க?” எங்கள் வேலைக்கு இதுதான் உயிர்க் கேள்வி. அரசு கொள்முதலில் வழக்கமான ஈரப்பத வரம்பு 17 சதவீதம், மழைக் காலத்தில் சில வருஷம் தளர்வு கொடுப்பார்கள். களத்தில் நிற்பவர் ஈரம் அளக்கும் மீட்டரையும் அந்த எண்ணையும் வைத்துக்கொண்டு தினமும் யாரிடமாவது ‘முடியாது’ என்று சொல்லியாக வேண்டும். சொல்கிற இடத்தில் எதிரே நிற்பது பெரும்பாலும் தெரிந்த முகமாகத்தான் இருக்கும்.

அவர் தொடங்கினார். “நாங்க அப்படி வந்தா எடுக்க மாட்டோம் சார்.” அங்கிருந்து மில் முதலாளியின் குணம், நேரடி கொள்முதல் நிலையத்தில் லாரி வராமல் மூட்டைகள் நனைந்து முளைவிட்டது, அதைப் பார்த்து அவர் அப்பா அழுதது என்று போனது. எல்லாம் உண்மை, டெல்டாவில் யாருக்கும் நெஞ்சில் படும். சுமார் ஒன்றரை நிமிடம் விட்டேன். முதல் ஒரு நிமிடம் யாரும் பதற்றத்தில்தான் பேசுவார்கள், அதற்குள் மறிக்கக் கூடாது என்பது என் எண்ணம். பேனா மேசைக்கு வந்தது. அவர் மூச்சு வாங்கிய இடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். “நனைஞ்ச மூட்டைன்னு சொன்னீங்களே, அதுலேயே நிப்போம். உங்க மில்லுக்கு அப்படி நனைஞ்ச நெல்லோட ஒருத்தர் வந்த அன்னைக்கு, மீட்டர் யார் கையில இருந்துச்சு?”

“என் கையிலதான் சார்” என்றார். அந்த ஒரு வார்த்தையில் பேச்சு களத்துக்கு வந்துவிட்டது. மேல் மூட்டையிலிருந்து மட்டும் எடுக்காமல் நாலு மூட்டையில் குத்தூசி போட்டு எடுத்தது, கலந்து மூன்று முறை வைத்துப் பார்த்தது, மூன்றிலும் 19-ஐ ஒட்டி வந்தது, மீட்டரை அந்த விவசாயியிடமே காட்டிப் படிக்கச் சொன்னது, சாயங்காலம் வரை களத்தில் காயவைத்துக் கொண்டுவாருங்கள் என்று சொல்லி, வரிசையில் இடம் போகாமல் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தது. இரண்டே நிமிடம். அந்த நாளில் நாங்கள் கேட்ட ஆகச் சிறந்த பதில் அதுதான். ஒன்றரை நிமிடத்தோடு ‘சரி, அடுத்த கேள்வி’ என்று போயிருந்தால் அது எங்களுக்குக் கிடைத்திருக்காது.

நான் செய்தது இரண்டு காரியம். அவர் சொன்ன வார்த்தை ஒன்றையே கையில் எடுத்தேன், அதனால் அவர் பேசியதைத் தூக்கிப் போட்ட மாதிரி ஆகவில்லை. அப்புறம் கேள்வியைச் சுருக்கினேன். ‘என்ன செய்தீங்க’ என்பது அகலமான கேள்வி. ‘மீட்டர் யார் கையில்’ என்பதற்கு ஒரு வார்த்தையில்தான் பதில் சொல்ல முடியும். நம் ஆட்கள் ‘நான்’ என்று சொல்லிக்கொள்ளக் கூச்சப்பட்டு ‘நாங்க’ என்பார்கள். அதற்குள் அவர் செய்தது எது என்று பிரித்தெடுக்க இந்த மாதிரிச் சின்னக் கேள்விதான் உதவும்.

சுருக்கிக் கேட்ட பிறகும் நழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்னொருவரிடமும் இதே கேள்வி. மீட்டர் யார் கையில் என்றதற்கு, “மீட்டரை நம்பவே முடியாது சார், கையில எடுத்துக் கடிச்சுப் பாத்தாலே தெரியும்” என்று வேறு பக்கம் போனார். சரி, அப்படிக் கடித்துப் பார்த்து வேண்டாம் என்று சொன்ன ஒரு நாளைச் சொல்லுங்கள் என்றேன். மறுபடி பொதுவாகவே பேசினார். அங்கே நிறுத்திவிட்டேன். “இந்தக் கேள்விக்கு நீங்க சொன்னதைக் குறிச்சுக்கிட்டோம், அடுத்ததுக்குப் போவோம்.” பதற்றத்தில் சுற்றுகிறவர் சின்னக் கேள்விக்கு வந்து இறங்கிவிடுவார். சொல்ல எதுவும் இல்லாதவர் இரண்டாம் முறையும் சுற்றுவார். இரண்டு தடவைக்கு மேல் யாரையும் திருப்புவதில்லை என்று வைத்துக்கொண்டோம். எத்தனை முறை திருப்பினோம் என்பதையும் தாளில் குறித்தோம், ஒருவருக்குக் கூடுதலாகக் கைகொடுத்துவிடக் கூடாது என்பதற்காக.

திருப்பும்போது பதிலை நாமே சொல்லிவிடுவது பெரிய ஆபத்து. எங்கள் இயக்குநர் நல்ல மனசோடு ஒருவரிடம், “திருப்பித்தானே அனுப்பியிருப்பீங்க?” என்று கேட்டுவிட்டார். வந்தவர் “ஆமாங்க ஐயா” என்றார். அதற்கு மேல் அந்தக் கேள்வியால் எந்தப் பயனும் இல்லை. மாற்றாக ஒன்று வைத்திருந்தோம், அதைக் கேட்டோம்.

தடம் மாறுவது எப்போதும் வந்தவர் பக்கம் மட்டும் இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் ‘எந்த ஊர்?’ என்பதற்கு அடுத்து ‘எந்தத் தெரு?’ என்று வரும். கேட்பவர் வாஞ்சையோடு கேட்கலாம், ஆனால் தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும், பதில் சொல்கிறவருக்கு அது உடனே உறைக்கும். அது பேனலில் வரவே கூடாது. இயக்குநர் “எந்தத் தெருப்பா?” என்று தொடங்கியதும், “ஐயா, சாக்கு பத்தின உங்க கேள்வி பாக்கி இருக்கு” என்று நானே இடையில் புகுந்தேன். வந்தவரே குடும்பம், கல்யாணம், கடன் என்று சொன்னாலும் நாங்கள் துருவுவதில்லை, தாளில் எழுதுவதும் இல்லை. இதை முதல் நாளே பேசிவைத்தால் மூத்தவர்களிடம் அந்த நேரத்தில் சங்கடம் வராது.

ஒவ்வொருவர் போன பிறகும் பத்து நிமிடம் இடைவெளி. யாரும் வாயைத் திறக்காமல் நான்கு கேள்விக்கும் அவரவர் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்ட பிறகுதான் பேச்சு. மூத்தவர் முதலில் “நல்ல பையன்” என்று சொல்லிவிட்டால் மற்றவர் பேனா அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அந்த மில் அம்மாவுக்கு ஈரப்பதக் கேள்வியில் இயக்குநர் 5 போட்டிருந்தார், கணக்காளர் 3. கணக்காளர் தன் குறிப்பை வாசித்தார், அதில் சீட்டு எழுதிக் கொடுத்த பகுதி விட்டுப்போயிருந்தது. என் காதில் விழுந்ததைச் சொன்னேன். அவர் 4 என்று திருத்திப் பக்கத்தில் காரணத்தையும் எழுதிவைத்தார்.