வாணி விழா மேடை: வளையும் அட்டைத் தாமரைகள்

"வெள்ளவத்தையில் வாணி விழாவுக்குப் பிள்ளைகள் செய்த அட்டைத் தாமரைகள் காய்ந்ததும் வளைந்துவிட்டன. விளக்குப் போட்டாலும் தட்டையாகத் தெரிகின்றன. என்ன செய்யலாம்?"

ஒரு பக்கம் மட்டும் வர்ணம் பூசியிருப்பீர்கள். நனைந்த தாள் காயும்போது சுருங்கி அட்டையை இழுக்கிறது. பின்பக்கமும் அதே எமல்ஷனை மெல்லியதாகப் பூசச் சொல்லுங்கள். பெரிய இதழ்களுக்கு, அட்டைக்குள் ஓடும் நெளிவரிகள் ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி இரண்டு அட்டைகளை ஒட்டி, புத்தகங்களை ஏற்றி ஓரிரவு வையுங்கள்.

முன்னாலிருந்து விழும் வெளிச்சம் நிழலைத் தின்றுவிடும். எங்கள் பிள்ளைகளுக்கு நான் இதை விளக்கவில்லை. அறையை இருட்டாக்கி, ஒருத்தியைக் கைபேசி டோர்ச்சை இதழின் முதுகில் பிடிக்கச் சொன்னேன். விளிம்பில் ஒளி வளையம் எழுந்ததும் இடைவெளியை அவர்களே தேடிப் பிடித்தார்கள்: பின்திரைக்கும் தாமரைக்கும் நடுவே 10 செ.மீ. தாமரையின் முதுகில் எல்.ஈ.டி. பட்டியைத் திரையை நோக்கி ஒட்டுங்கள். சூடேறும் பழைய குமிழ்கள் அட்டையருகே வேண்டவே வேண்டாம்.