வெயில் வேலைக்கு உப்பு மாத்திரை எதற்கு?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. பாயான் லெப்பாஸில் சாலை போடும் வேலை. மதியமானால் தலைவலி, கெண்டைக்காலில் பிடிப்பு என்கிறார். எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்? ஆள் சேர்க்கும் ஏஜெண்ட் உப்பு மாத்திரை விற்கிறார், வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள், சகோதரி. வெறும் உப்பு மாத்திரை வயிற்றைப் புரட்டும். வாந்தி எடுத்தால் உடம்பில் இருக்கிற நீரும் போய்விடும். அதே ஏஜெண்ட் நாளைக்கு ‘சக்திப் பொடி’ என்று கடனுக்குக் கொடுத்துச் சம்பளத்தில் பிடிப்பார். உப்பு மாத்திரை செய்கிற வேலையை வீட்டு உப்பே செய்யும்.

தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது 250 மில்லி குடிக்கச் சொல்லுங்கள். காலை 7.30 முதல் 12 மணி வரை என்றால் ஏறக்குறைய மூன்றரை லிட்டர் ஆகிறது. பெரும்பாலும் வெறும் தண்ணீர் போதும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் சட்டை நனைய வியர்த்தால், ஒன்றரை லிட்டர் பாட்டில் ஒன்றில் அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்பு, கொஞ்சம் சீனி, எலுமிச்சைச் சாறு கலந்து கொடுங்கள். காலையில் பசியாறாமல் போகக் கூடாது, உடம்புக்கு வேண்டிய உப்பில் பெரும்பங்கு சாப்பாட்டில்தான் வருகிறது. விட்டதைப் பிடிக்கிறேன் என்று ஒரே மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரை உள்ளே தள்ளுவதும் ஆபத்து. இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் அதுவே தலைவலி, வாந்தி, குழப்பம் தரும்.

ஆனால் அவர் இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறாரா? எழுதவில்லையே. சாப்பிட்டால் உப்புக் கலவையைத் தொடவே வேண்டாம். அதிலும் சிறுநீரை அதிகம் போக்கும் மாத்திரை இருந்தால், அது ஒரு பக்கம் நீரை வெளியேற்ற, வெயில் இன்னொரு பக்கம் உறிஞ்சும். மாத்திரை அட்டையோடு கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போய், வெயிலில் வேலை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அங்கே யாரும் தானாகக் கேட்காமல் போகலாம். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது.

கால் பிடிப்பு, தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அடர் மஞ்சளாகக் கொஞ்சமாகச் சிறுநீர், எல்லாம் ‘நிழலுக்குப் போ’ என்ற எச்சரிக்கை. பேச்சு குழறினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, தள்ளாடினாலோ அடுத்த நிமிடம் 999. வண்டி வரும்வரை சட்டையைக் கழற்றி, தலை முதல் கால் வரை தண்ணீர் ஊற்றி, விசிற வேண்டும். நினைவு தடுமாறுகிறவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். "இன்னும் வியர்க்குதே, ஒன்றுமில்லை" என்று மேஸ்திரி சொல்வார், நம்பாதீர்கள். வேலையில் விழுகிறவருக்குக் கடைசிவரை வியர்க்கலாம்.

தண்ணீர் தருவது முதலாளியின் கடமை. உடனடி ஆபத்து இருந்து முதலாளி ஒன்றும் செய்யாவிட்டால் தொழிலாளி அங்கிருந்து விலகலாம் என்று 1994 தொழில் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்த்த திருத்தம் 2024 ஜூனிலிருந்து நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தக்காரருக்குக் கீழே இன்னொரு ஒப்பந்தக்காரர் என்று இருக்கிற இடத்தில் இதை யார் சொல்லித் தருகிறார்கள்? அதனால் இரண்டு பெரிய பாட்டிலை வீட்டிலிருந்தே கொடுத்தனுப்புங்கள், நிழலில் வைக்கச் சொல்லுங்கள்.