படத்தில் பேச்சு மட்டும் சன்னமாகக் கேட்கிறதா? ஸ்டிக்கின் ஆடியோ அமைப்பைப் பாருங்கள்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு. சுவரில் மாட்டிய 43 இன்ச் டிவி, 10 வாட்ஸ் ஸ்பீக்கர் இரண்டு. டிடிஎச் பாக்ஸும் ஃபயர் டிவி ஸ்டிக்கும் இருக்கு. ஸ்டிக்கில் படம் போட்டால் பேச்சு சன்னமாக் கேக்குது, வால்யூம் 35 வெச்சாத்தான் புரியுது. சண்டை வந்தா ஓடிப்போய் 15க்கு இறக்கணும். சரவுண்டுதானே நல்லதுன்னு அதையே வெச்சிருக்கேன். ஸ்டீரியோவுக்கு மாத்தினா தரம் குறைஞ்சிடுமா?

பதில்: குறையாது. சவுண்டுபாரோ ஹோம் தியேட்டரோ இல்லாமல் டிவி ஸ்பீக்கரிலேயே கேட்கிற வரை ஸ்டீரியோதான் சரி. ஆனால் மாற்றுவதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை செய்துவிடுங்கள். டிடிஎச் பாக்ஸில் ஏதாவது செய்திச் சேனலைப் போட்டு வால்யூமை 15இல் வையுங்கள். வாசிப்பவர் குரல் தெளிவாக இருந்து, ஸ்டிக்கில் போடும் படத்தில் மட்டும் பேச்சு அமுங்கினால் கோளாறு ஒலிக் கலவையில் இருக்கிறது. அது ரிமோட்டிலேயே சரியாகும். செய்தியும் அதே மாதிரி தகரம் தட்டுவதுபோல் இருந்தால் குறை ஸ்பீக்கரில். அதற்கு எந்த அமைப்பும் பெரிதாக உதவாது.

நீங்கள் சொல்லும் 35-15 இழுபறி முதல் வகை. 5.1 என்கிற சரவுண்ட் ஒலியில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்றே ஒதுக்கிய தனித் தடத்தில் இருக்கும். பின்னணி இசையும் வெடிச்சத்தமும் மற்ற தடங்களில் பரவியிருக்கும். ஸ்டிக் அதை அப்படியே அனுப்பும்போது, இரண்டே ஸ்பீக்கர் உள்ள டிவி எல்லாவற்றையும் இரண்டுக்குள் திணிக்க வேண்டியிருக்கிறது. நடுத்தடத்தைச் சுமார் 0.7 மடங்காக்கி இரண்டு பக்கமும் போடும். பின்பக்கத் தடங்களையும் அதே ஸ்பீக்கரில் ஏற்றும். இத்தனையும் சேர்ந்து ஒலி உடையாமலிருக்க மொத்த அளவையும் இறக்கும். ஆழ்ந்த அதிர்வுக்கான ‘.1’ தடத்தைப் பெரும்பாலும் விட்டேவிடும். தனி ஸ்பீக்கரில் தெளிவாக நின்றிருக்க வேண்டிய குரல், மழைச்சத்தமும் வயலினும் வரும் அதே சின்ன ஸ்பீக்கரில் அவற்றோடு முட்டிமோத வேண்டியிருக்கிறது. ஸ்டீரியோ கேட்டால், பல படங்களுக்கு இரண்டு ஸ்பீக்கருக்கென்றே கலந்து வைத்த தடம் வரும். அது இல்லாத படத்துக்கு ஸ்டிக்கே கலந்து கொடுக்கும், டிவிக்கு வேலை இல்லை.

ஃபயர் டிவி ஸ்டிக்கில் Settings, Display & Sounds, Audio என்று போனால் Surround Sound இருக்கும். அங்கே Best Available இருந்தால் PCM என்று மாற்றுங்கள், ஸ்டீரியோவுக்கான தேர்வு அதுதான். மாடலுக்கு மாடல் வார்த்தை சற்று மாறலாம். கூகுள் டிவி வகைக் கருவி என்றால் Display & Sound பகுதியில் Advanced sound settings, அதற்குள் Select formats; அதை None என்று வைக்க வேண்டும். பலரும் தவறவிடுவது அடுத்த படிதான். ஓடிக்கொண்டிருக்கும் படத்தை நிறுத்தி, ஆப்பையே மூடித் திறந்து மீண்டும் போடுங்கள். படம் தொடங்கும்போதுதான் ஆப் எந்தத் தடம் வேண்டும் என்று முடிவு செய்கிறது. நடுவில் மாற்றிவிட்டு ‘வித்தியாசமே இல்லையே’ என்று பழையபடி வைத்துவிடுகிறவர்கள் ஏராளம். ஆப்பின் மொழிப் பட்டியலில் ‘தமிழ்’, ‘தமிழ் 5.1’ என்று இரண்டு இருந்தால் 5.1 இல்லாததையே எடுங்கள். படம் தொடங்கும்போது உங்கள் டிவியின் மூலையில் டால்பி என்று காட்டும் வழக்கம் இருந்தால், அது இப்போது வராது. மாற்றம் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

டிவியிலும் ஒரு வேலை பாக்கி. ஒலி அமைப்பில் ‘விர்ச்சுவல் சரவுண்ட்’ மாதிரி ஏதாவது ஆனில் இருந்தால் அணைத்துவிடுங்கள். ஒலியை அகலமாகக் காட்ட அது இடது வலதுக்குள் விளையாடும். அந்த விளையாட்டில் முதலில் வலுவிழப்பது நடுவிலிருந்து வரும் குரல். பிறகு ஸ்டாண்டர்டு, கிளியர் வாய்ஸ் இரண்டையும் ஒரே காட்சிக்கு மாற்றி மாற்றிக் கேட்டுப் பாருங்கள். இரண்டு பேர் மெதுவாகப் பேசி, பின் சத்தம் எழும் மூன்று நிமிடக் காட்சி போதும். முன்பு 35 வேண்டியிருந்த பேச்சு 25க்குள் புரிந்து, சண்டைக்கு ரிமோட்டைத் தேடாமல் இருக்க முடிந்தால் வென்றுவிட்டீர்கள். மின்விசிறியை அஞ்சில் வைத்துக்கொண்டு சோதிக்காதீர்கள். ச, ஸ, ப போன்ற ஒலிகளை அதன் இரைச்சல் விழுங்கிவிடும். கடலூர் வெயிலில் விசிறியை நிறுத்தச் சொல்வது கொடுமைதான், மூன்று நிமிடம் மட்டும்.

இதனால் வராத ஒன்றும் உண்டு. கைவிரல் நீள ஸ்பீக்கர், அதுவும் கீழ்நோக்கி வைத்தது, ஆண்குரலின் அடிக்கனத்தைத் தராது. ஸ்டீரியோ பேச்சைப் புரிய வைக்கும், கனமாக்காது. டிடிஎச் பாக்ஸைப் பொறுத்தவரை சேனல்கள் பெரும்பாலும் ஸ்டீரியோவிலேயே வருவதால் அதில் மாற்றினாலும் வேறுபாடு அதிகம் தெரியாது. பாக்ஸில் டால்பி, PCM என்று தேர்வு இருந்தால் PCMஇல் விட்டுவிடுங்கள்.

கனம் வேண்டுமென்று சவுண்டுபார் வாங்கினால் கணக்கு மாறும். டால்பியைப் பிரித்தறியும் டிகோடர் பாரில் இருக்கிறதா என்று பெட்டியில் பாருங்கள். இல்லாத பாருக்கு டால்பி அனுப்பினால் பெரும்பாலும் சத்தமே வராது. அப்போது ‘பார் போய்விட்டது’ என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாமல், ஸ்டிக்கில் PCM வைத்து, டிவியின் டிஜிட்டல் வெளியீட்டையும் PCM ஆக்கிப் பாருங்கள். டிகோடர் இருந்தால் ஸ்டிக்கை மறுபடி Best Available ஆக்கி, ARC என்று எழுதிய எச்டிஎம்ஐ துளையில் பாரை இணையுங்கள். ஆப்டிகல் வயரில் ஸ்டீரியோவும் சாதா டால்பி டிஜிட்டலும் போகும், டால்பி டிஜிட்டல் பிளஸ் போகாது.

புதுச்சேரி, கடலூர் கடைகளில் அசெம்பிள் செய்து தரும் ஆறு ஆர்சிஏ துளை 5.1 ஆம்ப்ளிஃபயர் வீட்டில் கிடந்தால், தனி டிகோடர் வாங்காதவரை அதற்கும் ஸ்டீரியோதான். டிவியின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து சிவப்பு-வெள்ளை வயரை எடுத்து, முன் இடது, முன் வலது துளைகளில் மட்டும் செருகுங்கள். இங்கே ஒரு கோளாறு அடிக்கடி வரும்: பாட்டில் இசை முழுக்கக் கேட்கும், பாடகர் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் தேய்ந்துவிடும். அது அமைப்பின் தப்பல்ல. 3.5 மிமீ பின் அரை மில்லிமீட்டர் வெளியே நிற்கிறது, அல்லது உப்புக்காற்றில் அதன் எர்த் தொடர்பு விட்டிருக்கிறது. இரண்டு பக்கமும் பொதுவாக உள்ள குரல் அப்போது ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மறைந்துவிடும். டிவியை அணைத்து, பின்னை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, ‘டக்’ என்று விழும்வரை அழுத்துங்கள். அப்படியும் வராவிட்டால் வயரை மாற்றுங்கள்.